ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ்: கட்டியே ஆகணுமா, எடுக்கச் சொல்லலாமா? முழு வழிகாட்டி

கட்ட வேண்டியதில்லை. இந்தியாவில் எந்த உணவகமும் உங்களைக் கேட்காமல் பில்லில் சர்வீஸ் சார்ஜைச் சேர்க்கக் கூடாது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், எடுத்துத்தான் ஆக வேண்டும். விருப்பப்பட்டுக் கொடுப்பது வேறு விஷயம், அதை யாரும் தடுக்கவில்லை.

இது பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். ஆனால் பில் மேசைக்கு வந்ததும் கேப்டன் பக்கத்தில் நிற்கிறார், கூட வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நூறு இருநூறு ரூபாய்க்கு வாய் திறக்கக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தை நம்பித்தான் அந்தத் தொகை பில்லில் அச்சாகிறது என்பது என் கருத்து. சட்டத்தில் நம் இடம் என்ன என்று தெளிவாகத் தெரிந்தால் இரண்டு வாக்கியத்தில் பேசி முடித்துவிடலாம்.

முதலில்: இது அரசாங்க வரி இல்லை

பில்லின் அடியில் மூன்று நான்கு தொகைகள் அடுத்தடுத்து வருவதால் எல்லாமே வரி என்று தோன்றும். அதில் அரசாங்கத்துக்குப் போவது ஜி.எஸ்.டி. மட்டுமே. பெரும்பாலான உணவகங்களில் அது 5 சதவீதம். மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை என்று சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. இரண்டாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். பெரிய நட்சத்திர ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவீதம் வரும். இதை எடுக்கச் சொல்ல முடியாது.

சர்வீஸ் சார்ஜ் உணவகமே முடிவுசெய்து போடும் தொகை. பெரும்பாலும் 5 அல்லது 10 சதவீதம், சில இடங்களில் அதற்கும் மேலே. ஒரு காலத்தில் சர்வீஸ் டாக்ஸ் என்று ஒரு வரி இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அது போய்விட்டது. இரண்டு பெயரும் ஒன்றுபோல ஒலிப்பதால், இன்னமும் "அது கவர்ன்மென்ட் டாக்ஸ் சார்" என்று சொல்லும் கேப்டன்கள் உண்டு. அப்படிச் சொன்னால் அது தவறு.

சட்டம் என்ன சொல்கிறது

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 2022 ஜூலை 4-ஆம் தேதி அது உணவகங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. சாரம் இதுதான்: சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. கட்டியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது, விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்பதை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்ட மாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் இருப்பதோ, பரிமாற மறுப்பதோ கூடாது. கடைசியாக, அதைச் சாப்பாட்டுத் தொகையோடு கூட்டி, அந்த மொத்தத்துக்கு ஜி.எஸ்.டி. போடவும் கூடாது.

உணவகச் சங்கங்கள் இரண்டு இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போயின. அதே மாதம் 20-ஆம் தேதி நெறிமுறைகளுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. அந்தத் தடை இரண்டரை ஆண்டுக்கு மேல் நீடித்தது. 2025 மார்ச் 28-ஆம் தேதி நீதிபதி பிரதீபா எம். சிங் இறுதித் தீர்ப்பு கொடுத்தார். நெறிமுறைகள் செல்லும், சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று சொல்லி மனுக்களைத் தள்ளுபடி செய்தார். மனுதாரர்கள் தலா ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

இந்தக் கதையை ஏன் தேதியோடு சொல்கிறேன் என்றால், மேனேஜர்கள் சொல்லும் பதில்களில் அடிக்கடி வருவது "அந்த ரூலுக்குக் கோர்ட்டில் ஸ்டே இருக்கிறது சார்" என்பதுதான். 2022 முதல் 2025 மார்ச் வரை அது உண்மை. அந்தத் தடை இறுதித் தீர்ப்போடு முடிந்துவிட்டது. "நாங்கள் அப்பீல் போயிருக்கிறோம்" என்றும் சொல்வார்கள். சங்கங்கள் மேல்முறையீடு செய்தது உண்மைதான். ஆனால் மேல்முறையீடு போட்டதாலேயே ஒரு தீர்ப்பு நின்றுவிடாது, அதற்குத் தனியாகத் தடை உத்தரவு வாங்க வேண்டும். அப்படி இருப்பதாகச் சொன்னால் உத்தரவின் நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

"டெல்லித் தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு எப்படிப் பொருந்தும்?" என்றும் கேட்கலாம். நெறிமுறைகளை வெளியிட்டது மத்திய ஆணையம், சட்டமும் மத்தியச் சட்டம். சென்னைக்கும் மதுரைக்கும் டெல்லிக்கும் ஒரே விதிதான்.

படி 1: உட்காரும்போதே மெனு கார்டின் அடியைப் பாருங்கள்

சர்வீஸ் சார்ஜ் வாங்கும் இடங்கள் பெரும்பாலும் மெனு கார்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள். வாசலில் பலகையும் இருக்கலாம். "பார்த்துவிட்டுத்தானே ஆர்டர் கொடுத்தீர்கள், அதனால் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம்" என்பது அவர்கள் வாதம். உயர் நீதிமன்றத்தில் சங்கங்கள் வைத்ததும் ஏறக்குறைய இதே வாதம்தான், அது ஏற்கப்படவில்லை. மெனுவில் அச்சடித்துவிட்டதால் விருப்பத் தொகை கட்டாயத் தொகை ஆகிவிடாது.

அப்படி எழுதியிருந்தால் ஆர்டர் எடுக்கும்போதே, "பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட வேண்டாம்" என்று சொல்லிவிடுவது நல்லது. சாப்பிட்டு முடித்து, குழந்தை தூங்கி விழும் நேரத்தில் பேசுவதைவிட இது எளிது.

ஒன்றை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் பல ஓட்டல்களில் ஏ.சி. ஹாலுக்குத் தனி விலைப் பட்டியல் இருக்கும். கீழே 60 ரூபாய்க்குக் கிடைக்கும் தோசை மேலே 85 ரூபாய். அது சர்வீஸ் சார்ஜ் இல்லை, அந்த இடத்தில் அந்தப் பண்டத்தின் விலை. மெனுவில் எந்த விலையைப் போடுவது என்பது உணவகத்தின் உரிமை. பரிமாறும் செலவு, ஏ.சி. செலவு, ஆள் கூலி எல்லாவற்றையும் அந்த விலைக்குள் வைத்துக்கொள்ளலாம். விலைக்குள் அதெல்லாம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்பதால்தான், பில்லின் அடியில் மறுபடியும் தனியாகக் கேட்பது தவறாகிறது.

படி 2: பணம் கொடுக்கும் முன் பில்லைப் படியுங்கள்

வரிசையைக் கவனியுங்கள். பணம் கட்டும் முன் பில்லைத் திருத்துவது அவர்களுக்கு ஒரு நிமிட வேலை. மேனேஜர் சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு மறுபடி அச்சடித்துக் கொடுப்பார். கார்டைத் தேய்த்துவிட்டால் அல்லது கியூ.ஆர். கோடில் பணம் அனுப்பிவிட்டால், பில் முடிந்துவிட்டது, ரீஃபண்டுதான் வழி என்று ஆகிவிடும். அதனால் தோல் அட்டைக்குள் பில் வந்ததும், அட்டைக்குள்ளேயே கார்டை வைத்து மூடிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். செல்போன் செயலி வழியாகத் தள்ளுபடியில் பணம் கட்டுபவர்களும் பில்லைத் திருத்தி வாங்கிய பிறகே தொகையை உள்ளிட வேண்டும்.

பெயரையும் பாருங்கள். சுருக்கமாக "எஸ்.சி." என்று மட்டும் இருக்கலாம். "ஸ்டாஃப் வெல்ஃபேர்", "ஸ்டாஃப் கான்ட்ரிபியூஷன்" என்று வேறு பெயரிலும் வரலாம். மொத்தத்தின் சதவீதமாக, உங்களைக் கேட்காமல் சேர்ந்திருந்தால், பெயர் எதுவானாலும் அது இதே விவகாரம்தான். பார்சலுக்கான பேக்கிங் சார்ஜும், வீட்டுக்கு வரவழைக்கும்போது செயலிகள் வாங்கும் டெலிவரி கட்டணமும் வேறு கணக்கு. அவற்றை இதோடு சேர்த்துப் பேசினால் உங்கள் பேச்சுதான் பலவீனப்படும்.

படி 3: யாரிடம், எப்படிக் கேட்பது

பரிமாறிய தம்பியிடம் சண்டை போடாதீர்கள். பில்லில் என்ன வர வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர் இல்லை, எடுக்கும் அதிகாரமும் அவரிடம் இல்லை. கேப்டனையோ மேனேஜரையோ கூப்பிடச் சொல்லுங்கள்.

சென்னையில் ஒரு ஏ.சி. உணவகத்தில் என் அக்கா பேசியதை அப்படியே சொல்கிறேன். குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, இந்த சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் கொடுங்க."

"மேடம், அது எல்லாருக்கும் வர்றதுதான். சிஸ்டமே போட்டுடுது."

"சிஸ்டம் போடறதைத்தான் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. விருப்பம் இருந்தா நான் தனியா டிப்ஸ் கொடுத்துக்கறேன். மேனேஜரைக் கூப்பிடறீங்களா?"

மேனேஜர் வந்தார். "சர்வீஸ் ஏதாவது சரியில்லையா மேடம்?" என்றார். இந்தக் கேள்வியைக் கவனியுங்கள். சேவையில் குறை இருந்தால்தான் எடுப்போம் என்பதுபோலப் பேச்சைத் திருப்பிவிடும். நல்லபடியாகப் பரிமாறிய பையனை நாம் குறை சொல்ல வேண்டிய நிலைக்கும் ஆளாவோம். அக்கா அதில் மாட்டவில்லை. "சர்வீஸ் ரொம்ப நல்லா இருந்தது சார். இது கட்டாயம் இல்லைங்கறதால எடுக்கச் சொல்றேன்" என்றார். வேறு பில் வந்தது.

காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு நமக்கு இல்லை. இது நினைவில் இருந்தால் பேச்சு நீளாது.

படி 4: திருத்திய பில்லில் ஜி.எஸ்.டி.யும் குறைந்திருக்கிறதா?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அக்காவின் பில் கணக்கையே பார்ப்போம்.

சாப்பாடு 1,840 ரூபாய். அதன் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 184 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,024. இந்த 2,024-க்குத்தான் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள்: 50.60 மத்திய அரசுக்கு, 50.60 மாநில அரசுக்கு. ஆக மொத்தம் 2,125.20.

சர்வீஸ் சார்ஜ் இல்லையென்றால் 1,840-க்கு 5 சதவீதம் 92 ரூபாய், மொத்தம் 1,932. அதாவது குறைய வேண்டியது 184 இல்லை, 193 ரூபாய் 20 காசு.

ஆனால் முதலில் வந்த திருத்தத்தில் சர்வீஸ் சார்ஜ் அப்படியே இருந்தது. கடைசி மொத்தத்தில் மட்டும் 184 ரூபாயை "டிஸ்கவுன்ட்" என்று கழித்து 1,941.20 என்று காட்டியிருந்தார்கள். சர்வீஸ் சார்ஜின் மேல் போட்ட 9 ரூபாய் 20 காசு வரி உள்ளேயே நின்றுவிட்டது. தொகை சின்னது. ஆனால் அப்படிக் கொடுத்த பில்லில், சர்வீஸ் சார்ஜ் வாங்கியதாகவும் நமக்குத் தள்ளுபடி கொடுத்ததாகவும் பதிவாகிறது. சர்வீஸ் சார்ஜையே நீக்கி, ஜி.எஸ்.டி.யை மறுபடி கணக்குப் போட்ட பில் வேண்டும் என்று கேளுங்கள். அக்கா கேட்டார், 1,932-க்கு மூன்றாவது பில் வந்தது.

சரிபார்க்க எளிய வழி: பில்லில் உள்ள சி.ஜி.எஸ்.டி. தொகையை 40-ஆல் பெருக்குங்கள். 5 சதவீத வரி உள்ள இடத்தில், சாப்பாட்டுத் தொகைதான் விடையாக வர வேண்டும். 46-ஐ 40-ஆல் பெருக்கினால் 1,840, சரி. 50.60-ஐப் பெருக்கினால் 2,024 வருகிறது, அப்படியென்றால் சர்வீஸ் சார்ஜ் இன்னும் உள்ளே இருக்கிறது. மதுபானம் ஜி.எஸ்.டி.க்குள் வராது என்பதால், அது கலந்த பில்லில் அந்தத் தொகையைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

படி 5: எடுக்க மாட்டேன் என்றால்

வாக்குவாதத்தில் மாலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பில்லைப் படம் எடுங்கள். தேதி, பில் எண், உணவகத்தின் ஜி.எஸ்.டி. எண், சர்வீஸ் சார்ஜ் தொகை நான்கும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். மெனு கார்டின் அடிக்குறிப்பையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பில்கள் வெப்பத்தாளில் அச்சாகின்றன, சில மாதங்களில் எழுத்து வெளிறிப்போகும். காகிதத்தை மட்டும் நம்பினால் பின்னால் ஆதாரம் இருக்காது.

பிறகு முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். ரொக்கம் வேண்டாம், யு.பி.ஐ. அல்லது கார்டு. கட்டிவிட்டதால் உரிமை போய்விடாது. எதிர்ப்பு தெரிவித்துக் கட்டினோம் என்பதற்கு ஒரு சான்று இருந்தால் போதும். அங்கே உட்கார்ந்தபடியே உணவகத்தின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப் எண்ணுக்கோ இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"இன்று இரவு உங்கள் உணவகத்தில் சாப்பிட்டோம். பில் எண் இது. 184 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் கேட்காமல் சேர்க்கப்பட்டது. நீக்கச் சொல்லியும் மேனேஜர் மறுத்தார். எதிர்ப்பு தெரிவித்தே கட்டியிருக்கிறேன். சர்வீஸ் சார்ஜையும் அதன் மேல் போட்ட ஜி.எஸ்.டி.யையும் சேர்த்து 193.20 ரூபாயை ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பவும்."

இவ்வளவு போதும். தொகையைச் சரியாகக் குறிப்பிட்டு, கெடுவும் வைத்து எழுதிய செய்திக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே பதில் வருவதும் உண்டு.

படி 6: 1915

பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எழுத்தில் கொடுக்க விரும்பினால் consumerhelpline.gov.in தளத்தில் பதியலாம், 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் இருக்கிறது. புகாருக்கு ஓர் எண் தருவார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது நீதிமன்றம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். வழக்குக்கு முந்தைய கட்டம் இது. அவர்கள் உணவகத்துக்குப் புகாரை அனுப்பி, பதில் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள். தீர்ப்பு எழுத மாட்டார்கள். ஆனாலும் சர்வீஸ் சார்ஜ் புகாருக்கு இதுதான் பயனுள்ள முதல் கதவு. டெல்லித் தீர்ப்புக்குப் பிறகு, இந்த உதவி எண்ணில் வந்த புகார்களை வைத்தே ஆணையம் தானாக முன்வந்து உணவகங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. உங்கள் 193 ரூபாய் திரும்பி வருவதோடு, அந்த உணவகத்தின் பெயரும் பதிவாகிறது.

உங்களுக்குப் பணம் முக்கியமில்லை, அந்த உணவகம் எல்லாரிடமும் வாங்குவதை நிறுத்த வேண்டும் என்றால், மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். விசாரித்து ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரம் சட்டப்படி அவருக்கு உண்டு. நேரடியாக ஆணையத்துக்கே com-ccpa@nic.in என்ற முகவரிக்கும் அனுப்பலாம்.

படி 7: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு

200 ரூபாய்க்கு வழக்கா என்று தோன்றும். பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. ஆனால் மேனேஜர் அவமானமாகப் பேசினார், வாசலில் மறித்தார் என்பதுபோல நடந்திருந்தால் இந்த வழி இருப்பது தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்வதோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்கச் சொல்லலாம்.

நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்றும் இல்லை. e-jagriti.gov.in தளத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் இருக்கிறது. 2019 சட்டம் இன்னொரு வசதியையும் கொடுத்திருக்கிறது: நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவாவுக்குச் சுற்றுலா போன இடத்தில் நடந்தாலும் திருநெல்வேலியில் போடலாம். பில் படம், பணம் கட்டிய சான்று, உணவகத்துக்கு அனுப்பிய செய்தி, 1915 புகார் எண் இவை நான்கும் இருந்தால் உங்கள் பக்கம் ஏறக்குறைய தயார்.

டிப்ஸ் பற்றி

"சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டால் அந்தப் பையன்களுக்கு என்ன கிடைக்கும்?" என்ற கேள்வி நியாயமானது. பில்லில் கட்டும் தொகை உணவகத்தின் கணக்குக்குப் போகிறது. அதில் எவ்வளவு பரிமாறியவருக்குப் போய்ச் சேர்கிறது என்று தெரிந்துகொள்ள நம்மிடம் வழி இல்லை. கையில் கொடுப்பது அவரிடம்தான் போகிறது. நான் சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லும் இடத்தில் டிப்ஸைக் கட்டாயம் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன். பில்லைத் திருத்தச் சொன்னதால் பரிமாறியவர் நஷ்டப்படக் கூடாது.

விருந்து, பிறந்தநாள் என்று ஹால் பேசி மொத்தமாக ஏற்பாடு செய்யும்போது மட்டும் வேலை வேறு மாதிரி. அங்கே விலைக் குறிப்பிலேயே சர்வீஸ் சார்ஜ் தனியாக வந்து உட்கார்ந்திருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எடுக்கச் சொல்லி, திருத்திய குறிப்பை எழுத்தில் வாங்கிவிடுங்கள். 200 பேர் சாப்பாட்டில் 10 சதவீதம் என்பது சின்னத் தொகை இல்லை.

இந்தியாவுக்கு வெளியே

மேலே சொன்ன எதுவும் வெளிநாட்டில் செல்லாது. சிங்கப்பூரில் மெனு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் சேரும் என்று பொருள். அங்கே அது வழக்கமான, அனுமதிக்கப்பட்ட முறை. இலங்கையிலும் கொழும்பு போன்ற இடங்களின் உணவகங்களில் 10 சதவீதம் சேர்ந்து வருவது சாதாரணம். அங்கெல்லாம் உட்காரும் முன் விலைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். பில்லில் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் அதன் மேல் தனியாக டிப்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.